மேனேஜர் முடிவில் உடன்பாடு இல்லையா? ஒரே ஒரு மெயில் போடுங்க, அப்புறம் வேலையைப் பாருங்க

இன்னிக்கு மியூச்சுவல் ஃபண்ட் இல்லை, வரிச் சலுகையும் இல்லை. சம்பளம் வர்ற இடத்தைப் பத்தி பேசலாம்னு நினைக்கிறேன்.

2024 மார்ச் 6, புதன்கிழமை. கோவையில் ஒரு கம்பெனியில் ஃபைனான்ஸ் டெபுடி மேனேஜராக இருந்தேன். பெயர் வேண்டாம். மோட்டார் உதிரி பாகம் செய்கிற கம்பெனி என்று வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் அஞ்சரை மணிக்கு என் மேனேஜர் கூப்பிட்டு ஒரு லிஸ்ட் கொடுத்தார். மார்ச் 10-லிருந்து 31 வரைக்கும் கெடு முடிகிற வெண்டர் பில்கள், மொத்தம் 83 லட்சம். "இது எல்லாத்தையும் ஏப்ரல் 10 வரைக்கும் நிறுத்தி வைங்க" என்றார்.

அதில் 48 லட்சம் ஒன்பது குறு, சிறு நிறுவனங்களுக்குப் போக வேண்டியது. வார்ப்பு ஊற்றுகிறவர்கள், லேத் வேலை செய்து தருகிறவர்கள். பாக்கி 35 லட்சம் டிரேடர்களுக்கும் பெரிய கம்பெனிகளுக்கும். அந்த 48 லட்சத்தைப் பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கியது. ஏனென்றால் அந்த நிதியாண்டில்தான் வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) முதல் தடவையாக அமலுக்கு வந்திருந்தது.

அது என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குறு, சிறு உற்பத்தி அல்லது சேவை நிறுவனத்திடம் பொருளோ வேலையோ வாங்கினால், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளுக்குள் பணம் கொடுக்கணும். கெடு தாண்டி, அந்தப் பணம் மார்ச் 31-க்குள்ளும் போகவில்லை என்றால், அந்தச் செலவை அந்த வருஷத்தில் கழிக்க முடியாது. எந்த வருஷம் கொடுக்கிறோமோ அந்த வருஷம்தான் கழிக்கலாம். பி.எஃப் மாதிரி சில விஷயங்களில் ரிட்டர்ன் போடும் தேதிக்குள் கட்டினால் தப்பித்துக்கொள்ளலாம். இதில் அந்த வசதி கிடையாது.

48 லட்சத்துக்கு எங்கள் கம்பெனியின் வரி விகிதம் 25.168 சதவீதம். 12 லட்சத்து 8 ஆயிரம். "சார், 12 லட்சம் வேஸ்ட்டாப் போயிடும்" என்று சொன்னேன். அவர் பதில் ரொம்பச் சாதாரணமாக வந்தது. "தெரியுதுங்க. ஆனா 31-ம் தேதி பேங்க் தவணை 64 லட்சம் இருக்கு. பெரிய கஸ்டமர் பணம் ஏப்ரல் முதல் வாரம்தான் வரும். தவணை ஒரு நாள் தவறினாலும் எஸ்.எம்.ஏ-0 ஆயிடும். மே மாசம் லிமிட் ரினியூவல் இருக்கு."

எஸ்.எம்.ஏ என்பது கடன் கணக்கு வாராக்கடன் ஆகிறதுக்கு முன்னாடி வைக்கிற எச்சரிக்கை முத்திரை. 30 நாள் வரைக்கும் பாக்கி என்றால் முதல் படி. ரினியூவலுக்கு இரண்டு மாசம் முன்னாடி அது விழுந்தால் பேங்க் மேனேஜர் கேட்கும் கேள்விகளே வேற மாதிரி இருக்கும். எனக்கு வரிச் சட்டம் தெரியும். அவருக்கு பேங்க் தெரியும். லிமிட் ரினியூவல் மே மாசம் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அரை மணி நேரம் வாதாடினேன். அவர் மாறவில்லை. முடிவெடுக்க வேண்டியவர் அவர், எடுத்துவிட்டார். இனி நான் என்ன செய்யணும்? இந்தக் கட்டுரையே அந்தக் கேள்விக்குத்தான்.

அதற்கு முன்னாடி இந்த இடத்தில் நான் இரண்டு தடவை சறுக்கியிருக்கேன். முதல் வேலையில், ஒரு புது டீலருக்கு 18 லட்சம் ரூபாய்க்கு 90 நாள் கடன் கொடுக்கப் போனார்கள். அவருடைய ஜி.எஸ்.டி ரிட்டர்ன் நாலு மாசமாகப் போடப்படவில்லை என்று பார்த்தேன். காபி குடிக்கும்போது மேனேஜரிடம் வாயால் சொன்னேன். "பாத்துக்கலாம்பா" என்றார். ஏழு மாசம் கழித்து டீலர் போனை எடுக்கவில்லை. ரிவ்யூ மீட்டிங்கில் "இதை யாருமே கவனிக்கலையா?" என்று கேள்வி வந்தபோது, "நான் சொன்னேனே" என்று என்னால் சொல்ல முடியவில்லை. மேனேஜர் பொய் சொன்னார் என்று சொல்ல மாட்டேன். அவருக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை. காபி நேரத்துப் பேச்சு யாருக்கு ஞாபகம் இருக்கும்?

அடுத்த கம்பெனியில் அதற்கு நேர் எதிர். சாஃப்ட்வேர் மாற்றத்தை மார்ச் மாசத்தில் வைக்காதீர்கள் என்று மூணு மெயில் போட்டேன். மூணாவதில் மேனேஜருக்கு மேலே இருந்தவரையும் காப்பியில் போட்டேன். நான் சொன்னது சரி. ஏப்ரல் கணக்கு குளறுபடியாகத்தான் வந்தது. ஆனால் அதற்குள் என்னை அந்தப் புராஜெக்ட் மீட்டிங்குக்கே கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். முதல் மெயிலை மேனேஜர் தகவலாகப் படிச்சார். இரண்டாவதை நச்சரிப்பாகப் படிச்சார். மூணாவதைப் படிக்கும்போது, இவன் எனக்கு எதிராக ஃபைல் சேர்க்கிறான் என்றுதான் அவருக்குத் தோன்றியிருக்கும். அந்த இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

ஆக, மார்ச் 6 ராத்திரி ஒரே ஒரு மெயில் எழுத உட்கார்ந்தேன். எழுத ஆரம்பித்ததும்தான் ஒரு விஷயம் உறைத்தது. "12 லட்சம் வேஸ்ட்" என்று நான் வாயால் சொன்னது தப்பு. அந்த 48 லட்சத்தை ஏப்ரலில் கொடுத்ததும் அடுத்த வருஷம் கழிவு கிடைத்துவிடும். இந்த வருஷம் கூடுதலாகக் கட்டும் வரி, அடுத்த வருஷ அட்வான்ஸ் டாக்ஸ் தவணைகளில் ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் என்று படிப்படியாகக் குறையும். சராசரியாக எட்டு மாசம் 12 லட்சம் முடங்குகிறது. எங்கள் ஓவர்டிராஃப்ட் வட்டி 10 சதவீதம் என்று போட்டால் செலவு சுமார் 80 ஆயிரம். இன்னொரு செலவும் இருக்கு. தாமதமாகக் கொடுத்தால் குறு, சிறு நிறுவனத்துக்கு ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூணு மடங்கு வட்டி கொடுக்கணும். அப்போது பேங்க் ரேட் 6.75, அதனால் வட்டி 20.25 சதவீதம். சராசரியாக 20 நாள் தாமதம் என்றால் சுமார் 53 ஆயிரம். இந்த வட்டியை வரிக்குக் கழிக்கவும் முடியாது. இரண்டையும் கூட்டினால் 1 லட்சத்து 33 ஆயிரம்.

12 லட்சம் எங்கே, 1.33 லட்சம் எங்கே! எழுதாமல் விட்டிருந்தால் இன்னும் பல நாள் "12 லட்சம் போச்சு" என்று கேன்டீனில் புலம்பியிருப்பேன். பேசும்போது நாம் பெரிய எண்ணைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். எழுதும்போது அந்த எண்ணுக்கு நாமே பதில் சொல்ல வேண்டியிருக்கு. எழுதச் சொல்வதற்கு என் முதல் காரணம் இதுதான், பாதுகாப்பு எல்லாம் அப்புறம்.

மெயில் ஆங்கிலத்தில் போனது. தமிழில் சொன்னால் இப்படி இருந்தது:

"சார், இன்று பேசியபடி மார்ச் 10 முதல் 31 வரை கெடு வரும் 83 லட்சம் பேமெண்ட்டை ஏப்ரல் 10 வரை நிறுத்துகிறோம். இதில் 48 லட்சம் ஒன்பது குறு, சிறு நிறுவனங்களுக்கு உரியது. 43பி(எச்) காரணமாக இந்த வருஷ வரி 12.08 லட்சம் கூடும். அடுத்த வருஷம் அது சரியாகிவிடும். நமக்கு நிற்கும் செலவு, தாமத வட்டியும் சேர்த்து, சுமார் 1.33 லட்சம். இதைவிட எனக்குப் பெரிய கவலை, வார்ப்பு கொடுப்பவர்கள் சப்ளையைக் குறைப்பார்கள் என்பது. மிகச் சிறிய நான்கு வெண்டர்களுக்கு மட்டும் 11 லட்சத்தைக் கெடுவுக்குள் கொடுத்துவிடலாம் என்பது என் பரிந்துரை. பேங்க் தவணையைக் கருதி முழுவதையும் நிறுத்த நீங்கள் முடிவு செய்திருக்கிறீர்கள். அதன்படி நாளை காலை பேமெண்ட் பிளாக் போடுகிறேன். மார்ச் 15 அட்வான்ஸ் டாக்ஸில் 12.08 லட்சத்தைச் சேர்த்துக் கட்டுகிறேன்."

அவருக்கு மட்டும்தான் அனுப்பினேன். அறையில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். அறையில் இல்லாத ஆளைக் காப்பியில் போட்டால் அது கவலை இல்லை, புகார். அன்றைக்கே அனுப்பினேன், பிளாக் போடுவதற்கு முன்னாடி. பிரச்சினை வெடித்த பிறகு "நான் அப்பவே நினைச்சேன்" என்று எழுதுகிற மெயிலுக்கு ஒரு மதிப்பும் இல்லை. வாட்ஸாப்பிலும் போடவில்லை. போன் மாறும், மெசேஜ் அழியும், ஆடிட்டர் கேட்கும்போது ஸ்கிரீன்ஷாட் தேடிக்கொண்டிருக்க முடியாது. முக்கியமாக, அந்த மெயிலை என் சொந்த ஜிமெயிலுக்கு ஃபார்வர்ட் பண்ணவில்லை. நிறைய பேர் "சேஃப்டிக்கு" என்று இதைப் பண்றாங்க. கம்பெனியின் பேங்க், வரி விவரத்தை வெளியே அனுப்பினால் பெரும்பாலான கம்பெனிகளில் அதுவே ஒழுங்கு நடவடிக்கைக்குப் போதும். உங்கள் கவலை சரியாக இருந்தாலும் வேலை போகும்.

அந்த மெயிலில் எனக்குப் பிடித்த வரிகள் கடைசி இரண்டும். "இது என் பொறுப்பல்ல", "பின்னால் என்னைக் கேட்கக் கூடாது" மாதிரி எதுவும் அதில் இல்லை. நாளைக்கு நான் என்ன செய்யப்போகிறேன் என்றுதான் இருக்கு.

காலையில் பதில் வந்தது. நன்றி சொல்லிவிட்டு ஒரு கணக்கு போட்டிருந்தார். 83 லட்சத்தில் கூடுதல் வரி 12 போனால் கையில் 71. தவணைக்கு 64 வேணும். என் யோசனைப்படி 11 லட்சத்தைக் கொடுத்தால், அதனால் குறையும் வரியையும் சேர்த்துப் பார்த்தாலும் 62 லட்சத்து 70 ஆயிரம்தான் நிற்கும். ஒன்றே கால் லட்சம் இடிக்குது. எனவே முழுவதையும் நிறுத்துவோம் என்று முடித்திருந்தார். ஒன்றே கால் லட்சத்தை டைரக்டரிடம் கேட்டிருக்கலாமே என்று எனக்கு இன்றைக்கும் ஒரு எண்ணம் உண்டு. ஆனால் அதை இரண்டாவது மெயிலாகப் போடவில்லை. வாதம் முடிந்துவிட்டது.

இனிமேல்தான் கஷ்டமான பகுதி. மெயில் எழுத ஒரு மணி நேரம். அந்த முடிவை நம் முடிவாகச் செய்ய ஒரு மாசம்.

வெண்டர்கள் போன் பண்ண ஆரம்பித்தார்கள். "மேலே இருந்து நிறுத்தச் சொல்லிட்டாங்க, நான் என்ன பண்றது?" என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வரும். அப்படிச் சொன்ன நிமிஷமே நான் முடிவை ஏற்றுக்கொள்ளவில்லை என்று அர்த்தம். வெண்டருக்கு நானும் மேனேஜரும் இரண்டு ஆள் இல்லை, ஒரே கம்பெனி. அதனால் ஒன்பது பேரையும் நானே முன்கூட்டிக் கூப்பிட்டேன். "ஏப்ரல் 10 புதன்கிழமை பணம் வரும். கஸ்டமர் பேமெண்ட் தள்ளிப் போயிருக்கு, மார்ச்சில் நாங்க கொடுக்க முடியாது" என்று நேராகச் சொன்னேன். சிலர் திட்டினார்கள். ஒரு பெரியவர் பேசாமல் போனை வைத்துவிட்டார். பேமெண்ட் பிளாக்கை ஒரு பில் விடாமல் போட்டேன். தெரிந்த வெண்டர் ஒருத்தருடையதை மட்டும் "கவனிக்காமல்" விட்டுவிடுவது ரொம்ப சுலபம். முடிவை வெளியில் ஏற்றுக்கொண்டு உள்ளே உடைக்கிறது அப்படித்தான் ஆரம்பிக்கும். அப்படிச் செய்து திட்டம் தோற்றால், முடிவு தப்பா, செயல்படுத்தினது தப்பா என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

அமேசானின் தலைமைக் கொள்கைகளில் 'டிஸ்அக்ரீ அண்ட் கமிட்' என்று ஒன்று இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். ஜெஃப் பெசோஸ் 2016-ம் ஆண்டுக்கான பங்குதாரர் கடிதத்தில் இதைப் பற்றி எழுதியபோது சொன்ன உதாரணத்தில், தன் டீமின் முடிவுக்கு இணங்கிப் போனவர் அவரேதான். தலைவர் இணங்கினால் பெருந்தன்மை. நாம் இணங்கினால் "எஸ் சார்" என்று பெயர் வரும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசத்தை அந்த ஒரு மெயில் காப்பாற்றுது.

ஒரே தடவைதான் என்றேன் இல்லையா? புதுத் தகவல் வந்தால் என்ன செய்வது? மார்ச் 26-ம் தேதி ஒரு வெண்டர் மெயில் போட்டார். 6 லட்சம் அவருக்கு வரணும். ஒரு வாரத்தில் வரவில்லை என்றால் மத்திய அரசின் எம்.எஸ்.எம்.இ சமாதான் போர்ட்டலில் புகார் போடுவேன் என்று எழுதியிருந்தார். அதை மேனேஜருக்கு அனுப்பி இரண்டே வரி எழுதினேன்: "இது இன்று வந்தது. இவருக்குக் கொடுத்தாலும் தவணைக்குப் பிறகு சுமார் ஒரு லட்சம் மிஞ்சும்." 'நான் அப்பவே சொன்னேன்' என்ற வாசனைகூட அதில் வராமல் பார்த்துக்கொண்டேன். மத்தியானமே அந்த 6 லட்சத்தை விடச் சொன்னார். கட்டிய அட்வான்ஸ் டாக்ஸில் ஒன்றரை லட்சம் கூடுதலாகிவிட்டது, அது ரிட்டர்னில் சரியாகிக்கொண்டது. முதல் மெயிலுக்குப் பிறகு இருபது நாள் நான் வாயைத் திறக்காததால்தான் அந்த இரண்டு வரிக்கு மதிப்பு இருந்தது என்று நினைக்கிறேன்.

இப்போது ஒரு எச்சரிக்கை. இதைத் தப்பாகப் புரிந்துகொள்ள வாய்ப்பு இருக்கு.

அதே வாரம் பர்ச்சேஸில் ஒருத்தர் ஒரு யோசனை சொன்னார். "45 நாள் சரக்கை ஏத்துக்கிட்ட தேதியிலிருந்துதானே எண்றாங்க? சரக்கு வந்த தேதியைச் சிஸ்டத்தில் மூணு வாரம் தள்ளிப் போட்டுட்டா பிரச்சினையே இல்லையே." என் மேனேஜர் அங்கேயே "அந்தப் பேச்சே வேண்டாம்" என்றார், நல்ல வேளை. அவர் சரி என்று சொல்லியிருந்தால்? அப்போது ஒரு மெயில் போட்டுவிட்டு நான் அந்த என்ட்ரியைப் போட்டிருக்கலாமா?

கூடாது. பணத்தைத் தாமதமாகக் கொடுப்பது சட்டம் விலை போட்டு வைத்திருக்கிற ஒரு முடிவு. கூடுதல் வரி கட்டு, மூணு மடங்கு வட்டி கொடு, கம்பெனி பதிவாளருக்கு அரையாண்டுக்கு ஒரு தடவை விவரம் சொல்லு என்று விலை போட்டிருக்கு. அந்த விலையைக் கொடுக்கத் தயார் என்று மேனேஜர் சொன்னால், அது அவர் அதிகாரம். தேதியைத் திருத்துவது விலை கொடுக்கிறது இல்லை, பொய்க் கணக்கு எழுதுறது. அந்த என்ட்ரி உங்கள் லாகினில் பதிவாகும். அதற்கு முந்தின நாள் நீங்கள் போட்ட "எனக்கு இதில் உடன்பாடில்லை" மெயில் உங்களைக் காப்பாற்றாது. தப்பு என்று தெரிந்தேதான் செய்தீர்கள் என்பதற்கு அதுவே சாட்சி ஆகிவிடும். என்னை மாதிரி மெம்பர்ஷிப் நம்பர் வைத்திருக்கிறவர்களுக்கு அந்த நம்பரே போகலாம். அந்த இடத்தில் சொல்ல வேண்டியது, "நான் இதைப் போட மாட்டேன் சார்" மட்டும்தான்.

எந்தப் பக்கம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? நான் பயன்படுத்துகிற சோதனை சின்னது. ஆறு மாசம் கழித்து ஆடிட்டர் வந்து, என்ன செய்தீர்கள் என்று கேட்டால், நடந்ததை நடந்த மாதிரியே சொல்ல முடியுமா? முடியும் என்றால் அது கருத்து வேறுபாடு. ஏதாவது ஒன்றை மறைக்கணும் என்றால் அது வேற. அந்த "மாட்டேன்" என்ற வார்த்தையைச் சொல்ல ஆறு மாச வீட்டுச் செலவும் ஈ.எம்.ஐயும் கையில் இருக்கணும் என்பது இந்த சேனலைத் தொடர்ந்து பார்க்கிறவர்களுக்குப் புதுசு இல்லை. எமர்ஜென்சி ஃபண்ட் ஆஸ்பத்திரிக்கு மட்டும் இல்லைங்க.

கஸ்டமர் பணம் ஏப்ரல் 8-ம் தேதி வந்தது. 10-ம் தேதி எல்லாருக்கும் போட்டுவிட்டோம். மே மாசம் லிமிட் ரினியூ ஆனது. மேனேஜர் கணக்கு சரியாகத்தான் இருந்தது. வெண்டர் விஷயத்தில் என் கவலையும் பொய்யாகவில்லை. போனை வைத்துவிட்டுப் போன அந்தப் பெரியவர் அடுத்த ஆர்டருக்குப் பாதிப் பணம் முன்கூட்டிக் கேட்டார். அவரிடம்தான் ஒரு முக்கியமான வார்ப்புக்கு டை இருந்தது. கொடுத்தோம், இரண்டு வருஷமாக அப்படித்தான் கொடுத்தார்கள் என்று கேள்வி.

செப்டம்பரில் வரித் தணிக்கைக்கு வந்த ஆடிட்டர், அந்த 42 லட்சத்தைப் பார்த்துவிட்டு, தெரியாமல் விட்டுவிட்டீர்களா, தெரிந்தே செய்தீர்களா என்று கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. மேனேஜர் தன் மெயில் பெட்டியில் தேடி, மார்ச் 6-ம் தேதி மெயிலையும் அதற்குத் தான் போட்ட பதிலையும் சேர்த்து அவரே ஆடிட்டருக்கு ஃபார்வர்ட் பண்ணினார். "தெரிஞ்சேதாங்க பண்ணினோம், கணக்கு இதுல இருக்கு" என்றார். ஆடிட்டர் இரண்டு எண்ணைச் சரிபார்த்துவிட்டு அடுத்த ஃபைலுக்குப் போனார்.